560 ஓம் வைத்தும் ஏன் அலைவு இல்லை? – வாசகர் கடிதம்

ஐயா, வணக்கம்.

எலக்ட்ரிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லேபில் 10 மில்லிஹென்றி காயில், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர் மூன்றையும் தொடரில் இணைத்து, 0 முதல் 5 வோல்ட் வரை போகும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்தோம். கெப்பாசிட்டருக்குக் குறுக்கே ஸ்கோப். கணக்குப்படி 632 ஓம்தான் கிரிட்டிக்கல், அதாவது அலைவு நின்றுபோகும் எல்லை. அதற்குக் கீழே 560 ஓம் வைத்தேன். அண்டர்டேம்ப்டு ஆக வேண்டும், ஆனால் துளி அலைவுகூட இல்லை. 100 ஓம் வைத்தபோது உச்சம் 8 வோல்ட் வர வேண்டும், 7 வோல்ட்தான் வந்தது. 2.2 கிலோஓம் வைத்தால் 4.5 வோல்ட்டுக்கு மேல் ஏறவே இல்லை. சூத்திரத்தை நம்புவதா, ஸ்கோப்பை நம்புவதா?

கா.

*

அன்புள்ள கா.,

இரண்டையும் நம்பலாம். சூத்திரத்தில் R என்று எதைப் போட்டீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் போட்டது ரெசிஸ்டரின் மேல் உள்ள வண்ணக் கோடுகள் சொல்லும் மதிப்பு. சர்க்யூட்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது. மின்னோட்டம் சுற்றிவரும் பாதையில் எங்கெல்லாம் மின்தடை இருக்கிறதோ, அத்தனையும் சேர்ந்ததுதான் அதற்கு R.

அலைவு ஏன் வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 5 வோல்ட் கொடுத்ததும் காயில் வழியாக மின்னோட்டம் மெல்ல ஏறி, கெப்பாசிட்டர் நிரம்புகிறது. கெப்பாசிட்டர் சரியாக 5 வோல்ட்டைத் தொடும் அந்த நொடியில் காயிலில் இன்னும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தால், அது சட்டென்று நிற்காது. காயிலின் குணமே அதுதான். எனவே கெப்பாசிட்டர் 5-ஐத் தாண்டி மேலே போகும், அப்புறம் திரும்பி வரும். பாதையில் மின்தடையே இல்லை என்றால் 10 வோல்ட் வரை போய், 0-க்கும் 10-க்கும் இடையில் ஆடிக்கொண்டே இருக்கும். காயிலில் சேரும் ஆற்றலை R வெப்பமாக்கித் தீர்க்கிறது. அது போதுமான வேகத்தில் தீர்க்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

இதன் சமன்பாடு s² + (R/L)s + 1/(LC) = 0. மூலங்கள் மெய்யெண்களாக இருக்குமா, கலப்பெண்களாக இருக்குமா என்பது (R/2L)², 1/(LC) இரண்டில் எது பெரியது என்பதைப் பொறுத்தது. இரண்டும் சமமாகும் இடம்தான் R = 2√(L/C). உங்கள் மதிப்புகளுக்கு L/C = 0.01 / 0.0000001 = 100000; அதன் வர்க்கமூலம் 316; இரட்டித்தால் 632 ஓம். இதுவரை நீங்கள் செய்தது சரி. மொத்த R இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் மூலங்கள் கலப்பெண்கள், அலைவு வரும், அது அண்டர்டேம்ப்டு; மேலே இருந்தால் மெய்யெண்கள், அலைவு வராது, அது ஓவர்டேம்ப்டு. மொத்த R-ஐ எல்லை மதிப்பால் வகுத்தால் கிடைப்பதுதான் ζ என்ற டேம்பிங் விகிதம்.

இப்போது உங்கள் 7 வோல்ட்டை எடுத்துக்கொள்வோம். கடிதத்திலேயே மிகவும் பயனுள்ள எண் அதுதான். 5 வோல்ட்டில் நிலைபெற வேண்டியது 2 வோல்ட் தாண்டியிருக்கிறது, அதாவது 0.4 பங்கு. இந்தப் பங்கை p என்று வைத்தால்,

ζ = −ln p / √(π² + (ln p)²)

ln 0.4 என்பது −0.916. வகுத்துப் பார்த்தால் ζ = 0.28. மொத்த R = 0.28 × 632 = 177 ஓம். நீங்கள் வைத்தது 100. மீதி 77 ஓம் எங்கிருந்து வந்தது?

ஃபங்ஷன் ஜெனரேட்டரின் வெளியீட்டுச் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் 50 ஓம் என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். அது ஜெனரேட்டருக்கு உள்ளேயே தொடரில் இருக்கும் மின்தடை. உங்கள் மின்னோட்டமும் அதன் வழியாகத்தான் ஓடுகிறது. மீதி 27 ஓம் பெரும்பாலும் காயிலுடையது. மெல்லிய தாமிரக் கம்பியைப் பல சுற்று சுற்றிய சிறிய 10 மில்லிஹென்றி காயிலுக்கு அந்த அளவு மின்தடை சாதாரணம். காயிலைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். 27-ஐவிடச் சற்றுக் குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். மல்டிமீட்டர் நேர்மின்னோட்டத்தில் அளக்கிறது. இங்கே அலைவு 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நடக்கிறது, அந்த அதிர்வெண்ணில் காயிலின் உள்ளகமும் கொஞ்சம் ஆற்றலை விழுங்கும். ஆனால் 27-க்குப் பதிலாக 3 ஓம் என்று காட்டினால், பிரெட்போர்டில் ஏதோ ஒரு தொடர்பு லூசாக இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இதே 77-ஐ 560-உடன் கூட்டிப் பாருங்கள்: 637. எல்லை 632. நீங்கள் அண்டர்டேம்ப்டு என்று நினைத்து வைத்த ரெசிஸ்டர் கிட்டத்தட்ட அச்சு அசலாகக் கிரிட்டிக்கல் நிலையில் உட்கார்ந்திருக்கிறது. அலைவு வராததில் வியப்பில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த 77 ஓம் இல்லாமல், மொத்த R உண்மையிலேயே 560 ஓமாக இருந்திருந்தாலும் நீங்கள் அலைவைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்போது ζ = 0.885. அதற்கு வரும் தாண்டல் 0.26 சதவீதம், அதாவது 5 வோல்ட்டில் 13 மில்லிவோல்ட். திரையில் ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட் என்று வைத்திருந்தால் அது கோட்டின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும். கிரிட்டிக்கல் நிலையைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பதை லேப் கையேடுகள் சொல்வதில்லை. அலைவு மறையும் வரை ரெசிஸ்டரை ஏற்றிக்கொண்டே போங்கள், மறையும் இடம்தான் கிரிட்டிக்கல் என்கிறார்கள். அப்படிச் செய்தால் உண்மையான எல்லைக்கு வெகு முன்பே நிறுத்திவிடுவோம். ζ 0.8-ஐ நெருங்கும்போதே தாண்டல் ஒன்றரை சதவீதம்தான்.

அப்படியானால் எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது? நன்றாக அலையும் இடத்தில் அளந்து, அங்கிருந்து கணக்குப் போட வேண்டும். 100 ஓமில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, ζ = 0.28. இப்போது 220 ஓம் வைத்துப் பாருங்கள். உச்சம் 5.94 வோல்ட் அருகில் வர வேண்டும். அதாவது p = 0.188, ζ = 0.47. ரெசிஸ்டரை 120 ஓம் ஏற்றியதில் ζ 0.19 ஏறியிருக்கிறது. ζ என்பது மொத்த R-க்கு நேர் விகிதம் என்பதால், ζ முழுதாக 1 ஆக 120 / 0.19, அதாவது ஏறக்குறைய 632 ஓம் மொத்தமாக வேண்டும். L, C இரண்டின் மதிப்பும் இல்லாமலே எல்லை கிடைத்துவிட்டது. மறைந்திருக்கும் மின்தடையும் கூடவே வந்துவிடுகிறது: 0.28 × 632 − 100 = 77.

இந்த வழியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. லேபில் கிடைக்கும் காயில், கெப்பாசிட்டர்களில் 10 சதவீதம் முன்பின் இருப்பது வழக்கம். காயில் 11 மில்லிஹென்றியாகவும் கெப்பாசிட்டர் 0.09 மைக்ரோஃபாரடாகவும் இருந்தால் எல்லை 699 ஓம். தலைகீழாக இருந்தால் 572. நீங்கள் வைத்த 637 மொத்த ஓம் ஒரு பெட்டியிலிருந்து எடுத்த ஜோடிக்கு அண்டர்டேம்ப்டு, பக்கத்துப் பெட்டியின் ஜோடிக்கு ஓவர்டேம்ப்டு! அலைவின் இரண்டு உச்சங்களுக்கு இடையே உள்ள நேரத்தை அளந்து இதைச் சரிபார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் 100 ஓம் சர்க்யூட்டில் அது 207 மைக்ரோ விநாடி வரும். ஆனால் அந்த நேரம் L × C என்ற பெருக்கலைத்தான் காட்டுகிறது. எல்லையைத் தீர்மானிப்பது L / C என்ற வகுத்தல். ஒன்று 10 சதவீதம் ஏறி மற்றது அதே அளவு இறங்கினால் நேரம் அநேகமாக அப்படியே இருக்கும், எல்லை மட்டும் நகர்ந்துவிடும்.

ஆக, பேப்பரில் எல்லைக்கு 10 சதவீதத்துக்குள் மொத்த R வந்தால் எந்த வகை என்று அடித்துச் சொல்லாதீர்கள். பாதிக்குக் கீழே அல்லது இரட்டிப்புக்கு மேலே என்றால் தைரியமாகச் சொல்லலாம்.

கிரிட்டிக்கல்தான் மிக வேகமானது என்று மனப்பாடமாக எழுதும் பழக்கமும் இருக்கிறது. தாண்டலே கூடாது என்றால்தான் அது சரி. இறுதி மதிப்புக்கு 5 சதவீதத்துக்குள் வந்தால் போதும் என்றால் உங்கள் சர்க்யூட்டையே பாருங்கள்: கிரிட்டிக்கலில் 150 மைக்ரோ விநாடி ஆகிறது, 390 ஓம் வைத்தால் 100-க்குள் முடிகிறது. அங்கே தாண்டல் 3 சதவீதம்தான் என்பதால் மேலே போனதும் அந்த 5 சதவீத வரம்புக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியாக 2.2 கிலோஓம். மொத்தம் 2277, ζ = 3.6, சந்தேகமே இல்லாமல் ஓவர்டேம்ப்டு. இரண்டு மூலங்களும் வெகுதூரம் விலகிவிடுகின்றன: ஒன்றின் நேர மாறிலி 4.5 மைக்ரோ விநாடி, மற்றதன் நேர மாறிலி 223 மைக்ரோ விநாடி. முதலாவது கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். இரண்டாவது கிட்டத்தட்ட வெறும் RC-தான் (2277 × 0.1 மைக்ரோஃபாரட் = 228). காயிலைக் கழற்றிவிட்டு ஒரு கம்பி போட்டாலும் திரையில் பெரிய மாற்றம் தெரியாது, செய்து பாருங்கள். உங்கள் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை 500 மைக்ரோ விநாடிதான் மேலே நிற்கிறது. 223-க்கு அது இரண்டேகால் மடங்கு. முழுதாக ஏறவும் முடியாமல், முழுதாக இறங்கவும் முடியாமல் 0.5-க்கும் 4.5-க்கும் இடையில் அது மாட்டிக்கொள்கிறது. அடியிலும் 0-ஐத் தொட்டிருக்காது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதிர்வெண்ணை 200 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள், 5 வோல்ட்டைத் தொடும். ரெக்கார்டு நோட்டில் 1 கிலோஹெர்ட்ஸில் எடுத்த படத்தையும் ஒட்டி, பக்கத்தில் அரைச் சுற்று நேரத்தையும் நேர மாறிலியையும் எழுதிவையுங்கள். வைவாவில் அதைத்தான் கேட்பார்கள்.