ஓடுற இதயத்தைப் பிடிச்சுக் கட்டாதீங்க: படபடப்பு, இளைப்பு பற்றிய கேள்வி பதில்

ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் பதில் சொல்கிறார். மருந்துத் துண்டு எழுதித் தரமாட்டார்.

களுவாஞ்சிகுடி: டொக்டர், கிணத்தடிக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்குது, நெஞ்சு அடிக்குது. விரல்ல மாட்டுற மெசின் 99 காட்டுது. ஈசிஜியில பிழையில்லையாம். மனப்பயம்தானா?

தங்கச்சி, அந்த 99ஐ நம்பி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். 43 வயது அம்மா, மூன்று மாத இளைப்பு. முதலில் வீசிங் என்று பம்ப் கொடுத்தார்கள். பிறகு நாடி 116 அடிக்கிறதே என்று இதய ஓட்டத்தைக் குறைக்கிற புரோப்ரனலோல் குளிசை. நானும் அதைத் தொடரச் சொன்னேன். அடுத்த கிழமை இரண்டு காலும் வீங்கி வந்தார். அப்போதுதான் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைக் கடதாசி. ஈமோகுளோபின் 5.4, கடுமையான இரத்தக்குறைவு.

ஈமோகுளோபின்தான் பஸ், ஒட்சிசன்தான் ஆட்கள். கல்முனை றோட்டில் பத்து பஸ் ஓடவேண்டிய இடத்தில் நாலு பஸ்தான் ஓடுது என்று வையுங்கள். அந்த மெசின் ஓடுகிற பஸ்ஸில் சீற் நிறைஞ்சிருக்கா என்று மட்டும் பார்க்கும். எத்தனை பஸ் என்று அதுக்குத் தெரியாது. நாலு பஸ்ஸும் நிறைஞ்சிருந்தால் 99தான். ஆட்களை ஏற்றி முடிக்க அந்த நாலும் ஓடி ஓடித் திரும்பவேண்டும், அதுதான் உங்கள் படபடப்பு. நான் குளிசையைத் தொடரச் சொல்லி அந்த ஓட்டத்தைத் தடுத்தேன், இதயம் தளர்ந்தது.

மாதவிடாய் 9 நாள் போகிறது என்பதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. கருப்பையில் கட்டி இருந்தது. இரத்தம் ஏற்றியபோதும் ஒரு பையாக, மெதுவாக, நீர் போக மருந்தோடு. களைத்த இதயத்துக்குள் அவசரமாக ஊற்றினால் நுரையீரலில் நீர் தேங்கும். ஒரு பைக்கு ஈமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் ஏறும். மிச்சத்தை இரும்புக் குளிசைதான் செய்தது. அளவு சரியான பிறகும் மூன்று மாதம் விடாமல் போட்டார்.

நீங்கள் முழு இரத்தப் பரிசோதனையும் தைரொயிட்டைப் பார்க்கிற டிஎஸ்எச் பரிசோதனையும் செய்யுங்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், மயங்கினால் இன்று இரவே ஆஸ்பத்திரி.

அக்கரைப்பற்று: எங்கட ராத்தாவுக்கும் படபடப்பு. கழுத்தில வீக்கமில்ல, கண்ணும் பிதுங்கல்ல. அப்ப தைரொயிட் இல்லதானே?

வீக்கம் இருந்தால் சந்தேகப்படலாம், அது சரி. இல்லாவிட்டால் இல்லை என்பது பிழை. வயதானவர்களில் மெலிவும் தாறுமாறான நாடியும் மட்டும்தான் தெரியலாம். வழக்கம்போலச் சாப்பிட்டும் மெலிகிறாரா, கை நடுங்குதா, எல்லாரும் போர்த்துப் படுக்க அவருக்கு மட்டும் ஃபேன் வேணுமா?

இன்னொன்று செய்யலாம். அவர் நல்லா நித்திரை கொள்ளும்போது எழுப்பாமல் மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பயத்தால் அடிக்கிற இதயம் நித்திரையில் அடங்கும். தைரொயிட் விடாது, பெரும்பாலும் 90க்கு மேலேயே நிற்கும். இது சந்தேகத்துக்குத்தான். காய்ச்சலும் இரத்தக்குறைவும் கூட அப்படி அடிக்க வைக்கும்.

திருக்கோவில்: நீங்க புரோப்ரனலோல் கூடாதெண்டு பயம் காட்டுறீங்க. எனக்குத் தைரொயிட்டுக்கு அதைத்தான் தந்தாங்க, ரெண்டு நாளில சுகம்.

தம்பி, உங்களுக்குத் தந்தது சரி. அங்கே ஹோர்மோன் இதயத்தைத் தேவையில்லாமல் விரட்டுது, அந்த ஹோர்மோனைக் குறைக்கிற கார்பிமசோல் வேலை செய்யக் கிழமைக்கணக்கில் பிடிக்கும், அதுவரை இந்தக் குளிசை தாங்கும். இரத்தம் குறைந்தவருக்கு இதயம் தேவையோடு ஓடுது. ஒரே படபடப்பு, வேறு கணக்கு. காரணம் தெரியாமல் பார்மசியில் வாங்காதீங்க. தொய்வுக்காரர் தொடவே வேண்டாம்.

திருக்கோவில், மீண்டும்: எனக்குத் தொய்வும் இருக்கு டொக்டர், ஒண்டும் செய்யல்லையே.

உங்களுக்கு மருந்து தந்தவருக்கு அது தெரியுமா? நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், இழைப்பு வந்தால் மட்டும் அடுத்ததைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கல்முனை: நீங்க சொன்ன கார்பிமசோல் நானும் போடுறன். நேற்றிலிருந்து தொண்டை நோவு, காய்ச்சல். உப்புத் தண்ணி கொப்பளிக்கிறன், போதுமா?

போதாது. அடுத்த குளிசையைப் போடாமல் இப்போதே போய், “கார்பிமசோல் எடுக்கிறேன்” என்று சொல்லி வெள்ளணுக்களை எண்ணச் சொல்லுங்கள். அபூர்வமாக அந்த மருந்து அவற்றை அழித்துவிடும்.

வாழைச்சேனை: பீற்றூட் குடிச்சா இரத்தம் ஊறும்தானே? சோத்துக்குப் பிறகு பிளேன்டீயும் நல்லம் எண்டுறாங்க.

பீற்றூட்டில் நிறம்தான் அதிகம், இரும்பு கொஞ்சம். பிளேன்டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

வாழைச்சேனை, இன்னொருவர்: எங்கட உம்மா எம்பது வயசு மட்டும் சோத்தோட பிளேன்டீதான்.

உம்மாவின் ஈமோகுளோபினை யாரும் பார்த்தீர்களா?

ஏறாவூர்: எனக்கு நாடி 52தான். தைரொயிட்டா?

இங்கே பேசுவது வேகமாக அடிக்கிறதைப் பற்றி. தலைச்சுற்று இருந்தால் ஈசிஜி எடுங்கள்.

செங்கலடி: டொக்டர், மெசின் 98 காட்டுது, பயப்பட வேணாம்தானே?

மேலே போய் பஸ் கதையை வாசியுங்கள்.