கணக்கை மூடிய பின்னும் மாதச் சந்தா பிடிக்கப்படுவது பற்றி

கேள்வி: “பாம்பனில் இருக்கிறேன். அப்பா கைப்பேசியிலிருந்த பாட்டுச் செயலியை அழித்து, கணக்கையும் மூடிவிட்டேன். ஆனாலும் மாதம் 99 ரூபாய் போகிறது. எப்படி நிறுத்துவது?”

பதில்: செயலியை அழித்தால் கைப்பேசியில் இடம் காலியாகும், கணக்கை மூடினால் அந்த நிறுவனத்திடம் உள்ள உங்கள் விவரங்கள் நீங்கும். பணம் எடுக்க நீங்கள் கொடுத்த ஒப்புதலோ பெரும்பாலும் வேறிடத்தில், கூகுள் பிளேயிலோ யுபிஐ செயலியிலோ, அப்படியே இருக்கும்.

ஆகவே பணம் யார் பெயரில் போகிறது என்பதை வங்கிக் குறுஞ்செய்தியிலோ கணக்கு அறிக்கையிலோ முதலில் பாருங்கள். கூகுள் பிளே என்றிருந்தால், பிளே ஸ்டோரில் வலது மேல்மூலைப் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, பிறகு Subscriptions சென்று, அந்தச் சந்தாவைத் திறந்து Cancel subscription கொடுங்கள். அங்கே ஒன்றும் தெரியாவிட்டால் சந்தா இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கைப்பேசி வாங்கிய கடையில் தொடங்கிக் கொடுத்த இன்னொரு ஜிமெயிலில் அது இருக்கலாம் என்பதால், கணக்கை மாற்றிப் பாருங்கள்.

நிறுவனத்தின் பெயரே இருந்தால், கணக்கை மூடிவிட்டதால் உள்ளே நுழைந்து ரத்து செய்ய வழியிருக்காது. (கணக்கை மூடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வதே நல்லது.) அப்போது அப்பாவின் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குச் சென்று, அந்த ஒப்புதலை ரகசிய எண் இட்டு ரத்து செய்யுங்கள். தற்காலிக நிறுத்தம் போதாது, மீண்டும் உயிர்பெறும். ரத்தானதாகக் காட்டும் திரையைப் படமெடுத்து வையுங்கள். ஏற்கெனவே போன தொகை இதனால் திரும்பாது; அதைத் தனியே கேட்க வேண்டும்.