ஹேங்கிங் லைட்டின் உயரத்தை டேபிளிலிருந்து அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் டைனிங் டேபிள் 5 அடி நீளம், 3 அடி அகலம். சீலிங் 9 அடி உயரம். இதற்கு 28 இன்ச் ஷேடுதான் எடுப்பாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். தலையில் இடிக்கும், தரையிலிருந்து 7 அடியில்தான் மாட்ட வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். 6 அடி நீளம், 2 அடி அகலமுள்ள கிச்சன் கவுண்டருக்கு மூன்று விளக்கு வாங்கச் சொல்கிறார்கள். டேபிளின் நடுவிலிருந்து 5 அடி தள்ளி சீலிங் ஃபேன் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஒரு டேப், ஒரு பெரிய அட்டை, கொஞ்சம் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உயரம். ஷேடின் கீழ் விளிம்புக்கும் டேபிளின் மேற்பரப்புக்கும் நடுவில் 30 முதல் 36 இன்ச் இடைவெளி இருக்க வேண்டும். உங்கள் டேபிளுக்கு 32 இன்ச் வைத்துத் தொடங்குங்கள். டைனிங் டேபிள் வழக்கமாக 30 இன்ச் உயரம் இருக்கும். ஆகவே விளிம்பு தரையிலிருந்து 62 இன்ச், அதாவது 5 அடி 2 இன்ச்சில் வரும். எலக்ட்ரீஷியன் இதைக் கேட்டால் பதறத்தான் செய்வார். அவர் நடமாடும் இடத்துக்கு உள்ள கணக்கைச் சொல்கிறார். நடைபாதையில் விளக்கு மாட்டினால் 7 அடி சரி. டேபிளுக்கு நடுவில் யாரும் நடந்து போகப் போவதில்லை. டேபிளே வேலி மாதிரி நின்று ஆளைத் தடுத்துவிடுகிறது.

7 அடியில் மாட்டினால் என்ன ஆகும்? விளிம்பு டேபிளிலிருந்து 54 இன்ச் மேலே போய்விடும். அதே பல்பு, அதே கரன்ட், ஆனால் தட்டில் விழும் வெளிச்சம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அதைவிடப் பெரிய தொந்தரவு இன்னொன்று. விளக்கு மேலே போகப் போக, தள்ளி உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு ஷேடின் உள்ளே இருக்கும் பல்பு நேராகத் தெரிய ஆரம்பிக்கும். ஐந்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து டேபிள் பக்கம் திரும்பினாலே கண் கூசும். பல்பு வாட்ஸ் அதிகம் என்று நினைத்து அதை மாற்றுவார்கள், அப்புறம் வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு லைட் போடுவார்கள். விளக்கை இரண்டடி இறக்கியிருந்தால் இரண்டும் தேவைப்பட்டிருக்காது.

உயரம் சரிதானா என்று நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், ஏணியில் நின்று அல்ல. உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 46 இன்ச்சில் இருக்கும். எதிரில் ஒருவரை உட்கார வையுங்கள். அவர் முகம் முழுசாகத் தெரிய வேண்டும், நெற்றிகூட மறையக் கூடாது. பிறகு அவரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நின்றவரின் முகத்தை ஷேடு கொஞ்சம் மறைத்தால் பரவாயில்லை, அது சாப்பிடும் நேரத்துக்கான விளக்கு. உட்கார்ந்தபடி தலையைத் தூக்காமலே பல்பு கண்ணில் பட்டால் 2 இன்ச் இறக்குங்கள், இல்லையென்றால் பால் போன்ற வெள்ளைப் பூச்சுள்ள பல்பு போடுங்கள். உள்ளே இழை தெரிகிற கண்ணாடி பல்பும் கண்ணாடி ஷேடும் படத்தில் அழகு. இந்த உயரத்தில் தினமும் மூன்று வேளை எதிரே உட்கார்ந்து பார்க்க முடியாது.

அடுத்தது அளவு. உருண்டை ஷேடின் விட்டம் டேபிளின் அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கலாம். நீளத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, கடைகளில் தவறு நடப்பது இங்கேதான். உங்கள் டேபிளின் அகலம் 36 இன்ச். அப்படியென்றால் 18 முதல் 24 இன்ச். நான் 20 இன்ச் எடுப்பேன். அதை நடுவில் தொங்கவிட்டால் ஷேடின் விளிம்புக்கும் டேபிளின் ஓரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் 8 இன்ச் கிடைக்கும். கடைக்காரர் சொன்ன 28 இன்ச் போட்டால் 4 இன்ச்தான் மிஞ்சும். குழம்பு ஊற்ற ஒருவர் முன்னால் குனிந்தாலே நெற்றி போய் ஷேடில் முட்டும். எலக்ட்ரீஷியன் பயந்தது நியாயம்தான், ஆனால் அதற்குக் காரணம் உயரம் அல்ல, 28 இன்ச்.

கடைக்காரர் ஏன் 28 சொல்கிறார்? ஷோரூமின் சீலிங் உயரம், சுற்றிலும் இன்னும் நாற்பது விளக்குகள். அங்கே 20 இன்ச் ஷேடு கிண்ணம் மாதிரி தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதுவே அறையை நிறைத்துவிடும். இது ஒரு காரணம். ஷேடு பெரிதானால் விலையும் கூடும், கூட வந்திருக்கும் இன்டீரியர்காரருக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ அதில் ஒரு பங்கு போவதும் உண்டு. எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் டேபிளின் அகலம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்காமல் அளவு சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். கடைக்குப் போவதற்கு முன்பே 20 இன்ச் விட்டத்தில் அட்டையை வட்டமாக வெட்டி, கயிறு கட்டி, டேபிளுக்கு மேல் 32 இன்ச்சில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். வீட்டில் எல்லாரும் அதோடு சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஆன்லைனில் வாங்கினால் இன்னொரு சிக்கல். ‘உயரம் 120 செ.மீ.’ என்று போட்டிருப்பார்கள். அது வயரையும் சேர்த்த நீளம். ஷேடு மட்டும் எவ்வளவு உயரம், எவ்வளவு விட்டம், பல்பு விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. உண்மையில் வேண்டிய மூன்று அளவும் அவைதான். இத்தனை வருடமாகியும் ஒரு ஒழுங்கான அளவுக் குறிப்புகூடப் போடமாட்டேன் என்கிறார்கள். கேட்டு வாங்குங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இப்போது வயர். சீலிங் 9 அடி என்றால் 108 இன்ச். விளிம்பு 62 இன்ச்சில் நிற்க வேண்டும். நடுவில் 46 இன்ச். ஷேடின் உயரம் 10 இன்ச் என்று வைத்துக்கொண்டால், வெளியே தெரியும் வயர் 36 இன்ச். ஆனால் 36 இன்ச் என்று அளந்து வெட்ட விடாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. ஒரு வீட்டில் டேபிள் வருவதற்கு முந்தின வாரமே விளக்கை மாட்டி, மிச்ச வயரை வெட்டி எறிந்துவிட்டார்கள். வந்த டேபிள் நினைத்ததைவிடத் தாழ்வு. விளக்கை 4 இன்ச் இறக்க வேண்டியிருந்தது, வயர் இல்லை. நடுவில் ஒட்டுப் போட்ட வயரில் கனமான ஷேடைத் தொங்கவிட நான் சம்மதிக்கவில்லை. கடைசியில் வயரை முழுசாக மாற்றினோம். மிச்ச வயரைச் சுருட்டி மேலே உள்ள மூடிக்குள் வைக்கலாம், குறைந்தது ஓரடியாவது அங்கே இருக்கட்டும்.

பாயின்ட் விஷயமும் இதே கதைதான். கட்டட வரைபடத்தில் அறையின் நடுவில் ஒரு புள்ளி வைத்து லைட் என்று எழுதிவிடுவார்கள். டேபிளோ சுவரோரமாகத் தள்ளித்தான் நிற்கும். டேபிள் எங்கே வரும் என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை, ஃபால்ஸ் சீலிங்காரர் பலகை அடித்து மூடிவிட்டுப் போய்விடுவார். உங்கள் வீட்டில் பாயின்ட் தள்ளி இருந்தால் சீலிங்கை உடைக்க வேண்டாம். டேபிளின் நடுவுக்கு நேர் மேலே ஒரு கொக்கி போட்டு, வயரை பாயின்டிலிருந்து கொண்டுவந்து அதில் மாட்டி இறக்கிவிடலாம். கொக்கி கான்கிரீட்டில் இறங்க வேண்டும், ஜிப்சம் பலகையில் அல்ல.

சரி, ஃபேனுக்கு வருவோம். நான் சொன்ன உயரத்தை அப்படியே வைக்க முடியாமல் செய்வது ஃபேன்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 48 இன்ச் ஃபேன் என்றால் இறக்கையின் நுனி அதன் நடுவிலிருந்து 24 இன்ச் வரும். உங்கள் டேபிளின் நடு 60 இன்ச் தள்ளி இருக்கிறது. 20 இன்ச் ஷேடின் விளிம்புக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே பக்கவாட்டில் 26 இன்ச் இருக்கும், இடிக்கும் என்ற கவலை இல்லை. வேறு இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, ஷேடின் மேல்பக்கம் திறந்திருந்தால் வெளிச்சம் மேலே கிளம்பி, சுழலும் இறக்கைகளின் நிழலைச் சீலிங்கில் ஓடவிடும். சாப்பிடும்போது ஓரக்கண்ணில் ஏதோ பறந்துகொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். காரணம் தெரியாமல் தலைவலிக்கிறது என்பார்கள். மேலே மூடியிருக்கிற, வெளிச்சம் ஊடுருவாத உலோக ஷேடு எடுத்தால் இது வராது.

இரண்டாவது, ஆட்டம். 36 இன்ச் வயரில் தொங்கும் துணி ஷேடும் காகித ஷேடும் மூங்கில் ஷேடும் ஃபேன் காற்றில் ஊஞ்சல் மாதிரி ஆடும். தட்டின் மேல் வெளிச்சமும் நிழலும் அதோடு சேர்ந்து ஆடும். வாங்குவதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். அந்த அட்டை வட்டத்தில் ஷேடின் எடைக்கு ஏதாவது கட்டி, அதே நீளக் கயிற்றில் தொங்கவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். கொஞ்சமாக ஆடினால், வயருக்குப் பதில் கம்பியில் இறங்கும் மாடலாகப் பாருங்கள். நன்றாகவே ஆடினால் டேபிளிலிருந்து 36 இன்ச் இடைவெளிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள், அதற்கு மேல் ஏற்றாதீர்கள். அப்படியும் ஆடினால் அந்த இடத்துக்கு ஹேங்கிங் லைட் வேண்டாம், சீலிங்கோடு ஒட்டிய விளக்கு போதும். இதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள்.

கவுண்டருக்கு மூன்று வேண்டாம், இரண்டு போதும். 72 இன்ச் நீளத்தை இரண்டு பாகமாக்கி ஒவ்வொன்றின் நடுவிலும் ஒன்று. ஒரு முனையிலிருந்து 18 இன்ச்சில் முதல் விளக்கு, 54 இன்ச்சில் அடுத்தது. கவுண்டரின் அகலம் 24 இன்ச், விளக்கும் ஒன்றுக்கு இரண்டு என்பதால் ஷேடு பாதி அகலத்தை, அதாவது 12 இன்ச்சைத் தாண்டக் கூடாது, 10 இன்ச் நல்ல அளவு. மூன்றாவது விளக்கு வந்தால் நடுவில் நிற்பவர் முகத்துக்கு நேரே ஒன்று தொங்கும். மூன்று மூன்றாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள் என்பதற்காக நாம் மூன்று மாட்ட வேண்டியதில்லை.

இங்கே உயரத்தை நின்றுதான் பார்க்க வேண்டும். கவுண்டர் 36 இன்ச் உயரம், அதற்கு மேல் 34 இன்ச் விட்டால் விளிம்பு 5 அடி 10 இன்ச்சில் வரும். வீட்டில் யார் அதிக உயரமோ அவரைக் கவுண்டருக்கு ஒரு பக்கம் நிற்க வைத்து, நீங்கள் எதிர்ப்பக்கம் நின்று பேசிப் பாருங்கள். விளிம்பு அவர் கண்ணுக்கு நேராக வந்தால் இரண்டிரண்டு இன்ச்சாக ஏற்றுங்கள். ஏற்ற ஏற்ற பல்பு எட்டிப் பார்க்கும் என்பதால், கவுண்டருக்கு மட்டும் அகலம் குறைவாகவும் ஆழம் அதிகமாகவும் உள்ள குவளை மாதிரி ஷேடு எடுங்கள்.

டேபிளையும் கவுண்டரையும் அதனதன் இடத்தில் வைத்த பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் ஏணியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ‘இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்’ என்று சொல்லுங்கள். அவர் அவசரப்படுத்தினாலும் எழுந்திருக்காதீர்கள்.