பழைய தரை மேல் புது டைல்ஸ்: கதவு இடிக்காமல், பிடிப்பு விடாமல்

ஹாலில் பதினைந்து வருடத்து டைல்ஸ். உடைக்காமல் மேலேயே ஒட்டலாம் என்கிறார் கொத்தனார். நம்பலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

கொத்தனாரை நம்புவதற்கு முன் தரையைத் தட்டிப் பாருங்கள். ஒரு ஐந்து ரூபாய் நாணயமோ கரண்டியின் காம்போ போதும். ஒவ்வொரு டைலையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். கல்லைத் தட்டியதுபோல் கெட்டியாகக் கேட்டால் நல்லது. காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்டால் அந்த டைல் அடியில் பிடிப்பில்லாமல் இருக்கிறது. சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறி விழுந்தால் அவற்றை மட்டும் பெயர்த்து, குழியை அடைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். ஒரே பகுதியில் கூட்டமாக விழுந்தால் அந்தப் பகுதியை உடைத்தே ஆக வேண்டும். புது டைல் பழைய டைலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பழையது கிளம்பினால் இரண்டும் சேர்ந்து கிளம்பும்.

சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டக் கூடாதா? பசை மூட்டை விலை அதிகமாக இருக்கிறதே. (வாசகர், தாம்பரம்)

கூடாது. சிமெண்ட், நுண்துளைகளில் இறங்கி இறுகித்தான் பிடிக்கிறது. பழைய டைலின் மேற்புறம் கண்ணாடிபோல் வழவழப்பு. புது விட்ரிஃபைடு டைலோ அரை சதவீதம்கூட நீரை உறிஞ்சாது. இரண்டு பக்கமும் துளை இல்லாத இடத்தில் சிமெண்ட் எதைப் பிடிக்கும்? பாலிமர் கலந்த பசைதான் வேண்டும். அதிலும் பையின் மேல் ‘பழைய டைல்ஸ் மேல் ஒட்ட’ என்று அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். 3 மி.மீ. கனத்துக்கு 20 கிலோ மூட்டை ஏறக்குறைய 45 சதுர அடிக்கு வரும்.

ஒட்டுவதற்கு முன் தரையைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஒரு துளி நீர் விடுங்கள். உருண்டு முத்தாக நின்றால் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். அதன்பின் கிரைண்டரால் மேல்பூச்சைக் கீறிவிட்டு, தூசியைத் துடைத்தெடுங்கள்.

பசையைப் பல் கரணையால் ஒரே திசையில் கோடு கோடாக இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லப் பூச வேண்டும். ஐந்து உருண்டை வைத்து அமுக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒட்டிய தரையில் கட்டில் கால் நின்ற இடத்தில் விரிசல் விழும். நான்காவதோ ஐந்தாவதோ டைலை அமுக்கியதும் பெயர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை படிந்திருக்க வேண்டும். வெற்றிடம் தெரிந்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள்.

தரை எவ்வளவு உயரும்? கதவு திறக்குமா? (வாசகர், திருநெல்வேலி)

கேட்டவர் அளவுகளையும் எழுதியிருக்கிறார். அவற்றை வைத்தே கணக்குப் போடுவோம். டைல் 9 மி.மீ., அமுக்கிய பிறகு பசை 4 மி.மீ. ஆக தரை 13 மி.மீ. உயரும். கதவுக்கும் புதுத் தரைக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். மொத்தம் 17. கதவு மூடியிருக்கும்போது அடியில் 6 மி.மீ. இருக்கிறதாம். 11 இழைத்தால் போதும் என்று தோன்றும்.

ஆனால் கதவை முழுக்கத் திறந்துகொண்டே அளந்தால், பாதி வழியில் தரை மேடாகி இடைவெளி 3 மி.மீ. ஆகிவிடுகிறது. அந்தக் குறைந்த அளவுதான் கணக்கு. எனவே 14 மி.மீ. இழைக்க வேண்டும். அடியில் கட்டைச் சட்டம் உள்ள ஃப்ளஷ் கதவு இதைத் தாங்கும். இரும்புக் கதவையும் உள்ளே கூடாக இருக்கும் பிவிசி கதவையும் அறுப்பது வம்பு. அங்கே 5, 6 மி.மீ. மெல்லிய டைல் வாங்குங்கள், அல்லது கதவு திறக்கும் பகுதியில் மட்டும் பழையதை உடையுங்கள். இழைப்பது டைல் ஒட்டுவதற்கு முன். தரையில் இறங்கும் தாழ்ப்பாளின் துளையைப் புதுத் தரையில் மறுபடி போட வேண்டியிருக்கும்.

மாடிப்படி இருந்தால் அதையும் பாருங்கள். கீழ்த்தளம் 13 மி.மீ. உயர்ந்தால் முதல் படி அந்த அளவு குட்டையாகிவிடும். ஒரு படி மட்டும் மாறினால் கால் அதைத்தான் கண்டுபிடித்துத் தடுக்கி விழும்.

குளியலறையில் கீழ் வீட்டுக்குக் கசிகிறது. மேலே ஒட்டினால் நிற்குமா? (வாசகி, மதுரை)

நிற்காது. நீர் அடியில் தேங்கிக்கொண்டே இருக்கும். உடைத்து நீர்க்காப்பு செய்யுங்கள்.

சுவரை ஒட்டி இடைவெளி விட வேண்டும் என்கிறார்களே, ஏன்? (வாசகர், சேலம்)

நானே ஒரு வீட்டில் விடாமல் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். மே மாதத்தில் ஒரு மதியம் ஹாலின் நடுவே இரண்டு டைல்கள் பட்டென்று கூடாரமாக எழுந்து நின்றன. வெயிலில் விரிந்த தரைக்குச் சுவரோரம் இடமில்லை. இப்போது சுற்றிலும் 6 மி.மீ. விட்டு ஸ்கர்டிங்கால் மறைத்துவிடுகிறேன். டைல்களுக்கிடையே 2 மி.மீ. ஸ்பேசர் வைக்கிறேன். அந்தச் சுவரோர இடைவெளியில் கிரவுட்டை அடைக்கவிடாதீர்கள். அடைத்தால் விட்டதும் வீண்.