அட்வான்ஸ் கேக்குற சேல்ஸ்மேனும் லேட்டா வர்ற டெபாசிட்டும்

கேள்வி: திருச்சியில ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல மேனேஜரா இருக்கேன், பிஸ்கட், சோப்பு சரக்கு. எங்க சேல்ஸ்மேன் தம்பி ஒருத்தர், 31 வயசு, கல்யாணமாகி ஒரு குழந்தை. கடைக் கலெக்‌ஷனும் அவர்தான். மூணு மாசத்துல நாலு தடவை அட்வான்ஸ் கேட்டுட்டார், லோன் ஆப்காரங்க ஆபீஸ் நம்பருக்கே கூப்பிடுறாங்க. ஆன்லைன்ல பெட் கட்டுறாருன்னு பசங்க பேசிக்கிறாங்க. முதலாளிகிட்ட சொல்லவா, அவர் வீட்டம்மாகிட்ட பேசவா, இல்ல கண்டும் காணாம இருக்கவா?

பதில்: சார், இப்போதைக்கு மூணும் வேண்டாம். பசங்க பேசிக்கிறதை முதல்ல ஓரமா வைங்க, ஏன்னா நீங்க கண்ணால பாத்தது ரெண்டே ரெண்டுதான், அட்வான்ஸும் ஆபீஸுக்கு வர்ற போனும். அப்பாவுக்கு ஆபரேஷன், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்குன வட்டிக் கடன்னு வேற எதுவா இருந்தாலும் இதே ரெண்டும் நடக்கும். சின்னதா ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேக்குறவர் பெரும்பாலும் ஒரு பெரிய தொகையா ஒரே காரணத்தைச் சொல்லித்தான் கேப்பார். சூதாட்டத்துல மாட்டுனவர் சின்னச் சின்னதா, தடவைக்கு ஒரு காரணமா கேப்பார், கூட வேலை பாக்குறவங்ககிட்ட ஐநூறு ஆயிரம் ஜிபே பண்ணச் சொல்வார், திடீர்னு ஒருநாள் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டு டீ வாங்கித் தருவார், அடுத்த வாரமே முன்னைவிட பெருசா கேப்பார். விட்டதை விட்ட இடத்துலயே பிடிக்கணும்னு மறுபடி மறுபடி போறதுதான் இந்த நோயோட முக்கியமான அடையாளம். ஆமா, நோய்தான், உலக சுகாதார அமைப்பே தன்னோட நோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்கு. ஆனா அது இருக்கா இல்லையான்னு சொல்ல வேண்டியது டாக்டர், நீங்களோ நானோ இல்ல.

அதான் பண ஆட்டத்தையெல்லாம் 2025-ல மத்திய அரசே தடை பண்ணிடுச்சேன்னு நினைக்காதீங்க. பெரிய ரம்மி ஆப்புங்க பண ஆட்டத்தை நிறுத்திட்டாங்க, சரி, ஆனா வெளிநாட்டு பெட்டிங் சைட்டுங்க டெலிகிராம், வாட்ஸ்அப் ஏஜென்ட் வழியா வந்துக்கிட்டேதான் இருக்கு.

நீங்க மேனேஜரா பாக்க வேண்டியது கலெக்‌ஷன் பணத்தை. இது எப்படி நடக்கும்னு சொல்றேன். திங்கக்கிழமை ஒரு கடையில 18,000 வாங்கி ரசீது போடுறார், அந்தப் பணம் ராத்திரியே ஆட்டத்துல போயிடுது. செவ்வாய் இன்னொரு கடையில 22,000 வருது, அதுல 18,000-ஐ எடுத்து திங்கக்கிழமை கணக்குன்னு பேங்க்ல கட்டுறார். இப்போ கையில 4,000-தான், ஆனா செவ்வாய்க்கு 22,000 கட்டணும், அதனால புதன்கிழமை கலெக்‌ஷன்ல இருந்து இன்னொரு 18,000 எடுக்கணும். ஒரு பைசா திருடுன மாதிரியே தெரியாது, எல்லாப் பணமும் "வந்துடும்", ஒருநாள் ரெண்டுநாள் லேட்டா. மறுபடி தோத்தா அந்த 18,000 பெருசாகும். இதைக் காட்டிக் குடுக்குறது ரசீது தேதிக்கும் டெபாசிட் தேதிக்கும் நடுவுல இருக்குற இடைவெளிதான். அப்புறம் லீவே எடுக்க மாட்டார், ஏன்னா அவர் லைனுக்கு வேற ஆள் போனா "அதான் போன வாரமே குடுத்துட்டேனே"ன்னு கடைக்காரர் சொல்லிடுவார்ல. கம்பெனி க்யூஆர் வேலை செய்யலன்னு சொல்லி சொந்த நம்பருக்குப் பணம் வாங்குறதும் இந்த வகைதான்.

இதை அவர் ஒருத்தருக்கு மட்டும் செக் பண்ணாதீங்க, அன்னிக்கே ஆபீஸ் முழுக்கத் தெரிஞ்சுடும், நாளைக்கு ஒண்ணும் இல்லன்னு ஆனாலும் அந்தப் பேர் போகாது. எல்லா சேல்ஸ்மேனுக்கும் ரெண்டு மாச ரசீது புக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, எல்லாக் கடைக்கும் பாக்கி எவ்வளவுன்னு உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு லெட்டர் அனுப்புங்க, ஒரு வாரம் எல்லாரோட லைனையும் மாத்தி விடுங்க. கலெக்‌ஷனை அன்னன்னிக்கு சாயங்காலமே கட்டணும்னு எல்லாருக்கும் ரூல் போடுங்க. முதலாளிகிட்ட இப்போ சொல்ல வேண்டியதும் இவ்வளவுதான், கணக்கை டைட் பண்றோம்னு. யார் பேரும் தேவையில்ல.

அடுத்து அவர்கிட்ட பேசுறது. கேபின் கதவை மூடிக்கிட்டு நீங்க ரெண்டு பேர் மட்டும், சம்பள நாள் அன்னிக்கும் வேண்டாம், லைனுக்குக் கிளம்புற அவசரத்துலயும் வேண்டாம். "சூதாடுறியாமே"ன்னு ஆரம்பிச்சா "யார் சொன்னா"ன்னு கேப்பார், பேச்சு அதோட முடிஞ்சுது. இப்படிச் சொல்லிப் பாருங்க: "தம்பி, மூணு மாசத்துல நாலு அட்வான்ஸ் ஆயிருக்கு, ஆபீஸுக்கு லோன்காரங்க போன் வருது. வேலையில எனக்குத் தெரியுறது இவ்வளவுதான். என்னன்னு என்கிட்ட சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆனா பணப் பிரச்சனையோ, விளையாட்டோ, உடம்போ, எதுவா இருந்தாலும் உதவி கிடைக்கிற வழியைச் சொல்றேன்." சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும், நம்ம ஆளுங்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். போனைக் காட்டுன்னு கேக்காதீங்க, சத்தியம் வாங்காதீங்க.

ஒத்துக்கிட்டார்னா 14416 நம்பரைக் குடுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி, 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்ல பேசலாம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போக லீவு குடுங்க, லீவு லெட்டர்ல "மருத்துவம்"னு இருந்தா போதும். அவரே கேட்டா கலெக்‌ஷன் இல்லாத வேலைக்குக் கொஞ்ச நாள் மாத்துங்க, சம்பளத்தைக் குறைக்காம. ஆனா கடனை அடைக்கிறேன்னு மட்டும் இறங்கிடாதீங்க. நல்ல மனசுலதான் எல்லாரும் செய்வாங்க, அந்தப் பணம் அடுத்த ஆட்டத்துக்குத்தான் முதலாப் போகும். அட்வான்ஸும் இனி கிடையாது, எல்லாருக்கும் இருக்குற அதே ரூல்தான்னு சொல்லிடுங்க. லோன் ஆப்காரங்களை அவங்க இஷ்டத்துக்கு விட வேண்டாம், ரிசர்வ் வங்கி விதிப்படி காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, மிரட்டுனா சைபர் கிரைம் உதவி நம்பர் 1930-ல புகார் பண்ணலாம்னு அவருக்குச் சொல்லிக் குடுங்க.

வீட்டம்மாகிட்ட நீங்களா பேசாதீங்க. வேணும்னா அவரே சொல்லட்டும், அதுக்கு நீங்க தைரியம் குடுக்கலாம். இதுல ஒரே ஒரு விதிவிலக்கு. "இருந்து என்ன பிரயோஜனம்"கிற மாதிரிப் பேசுனார்னா, தற்கொலை எண்ணம் வருதான்னு நேராவே கேளுங்க, கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னா தனியா விடாம, அவர் முன்னாடியே 14416-க்குப் போட்டுப் பேச வைங்க, வீட்டுக்கும் அப்போ சொல்லித்தான் ஆகணும்.

இல்லவே இல்லன்னு சாதிச்சா விட்டுடுங்க, வேலை விஷயத்தை மட்டும் பேசி மூணு வாரம் கழிச்சு மறுபடி உக்காரலாம்னு ஒரு தேதி குறிச்சுக்கோங்க. பேசுனதை டைரியில நாலு வரி எழுதும்போதும் அட்வான்ஸ், போன், தேதி இவ்வளவுதான் இருக்கணும், "சூதாடி"ங்கிற வார்த்தை எங்கயும் வரக் கூடாது.

கணக்கு நிஜமாவே குறைஞ்சிருந்தா அது வேற கேஸ். அப்போ முதலாளிக்குச் சொல்லணும், எழுத்துல விளக்கம் கேக்கணும். கோவத்துல சம்பளத்தை மொத்தமா நிறுத்திடாதீங்க. விளக்கம் சொல்ல வாய்ப்பு குடுக்காம பிடிக்க சட்டத்துல இடம் இல்ல, பிடிச்சாலும் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. மருத்துவத்துக்குப் போறார்ங்கிறதுக்காக விசாரணையை நிறுத்தவும் வேண்டாம், விசாரணை நடக்குதுன்னு மருத்துவ லீவை மறுக்கவும் வேண்டாம்.