பக்கத்துக் கடைகளின் பேஸ்புக் பக்கங்களில் எதைத் தேடிப் பார்க்க வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தையில் சின்னச் சாறிக் கடை வைத்திருக்கிறோம். மற்றக் கடைகளின் பக்கங்களைப் பார்த்தால் எல்லாரும் ஒன்றையேதான் போடுகிறார்கள். நாங்கள் புதிதாக என்ன போடலாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போஸ்ட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் அடியில் கிடக்கும் கொமென்ட்களை வாசியுங்கள். சாறிப் படங்கள் கடைக்குக் கடை ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆட்கள் கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காமல் போகிற விஷயம்தான் வேறுபடும்.

மூன்று கடை போதும். உங்கள் விலையில், உங்களிடம் வரக்கூடிய ஆட்களுக்கே விற்கிற கடைகளாக எடுங்கள். கடைசி மூன்று மாதப் போஸ்ட்களைப் பாருங்கள். கூறைச் சாறி விற்பவர் என்றால் போன வருடத்து ஆடி, ஆவணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்டைத் திறந்ததும் பேஸ்புக் பெரும்பாலும் “Most relevant” என்று தனக்குப் பிடித்த கொமென்ட்களைத்தான் காட்டும். அதை “All comments” என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பதிலே வராத ஒற்றை வரிக் கேள்விகள், அதாவது நீங்கள் தேடி வந்தவையே, கண்ணில் படாமல் போகலாம். தேடுபெட்டியில் ஒரு சொல்லை அடித்துப் பிடிக்கவும் முடியாது. விலையை ஒருவர் “விலை என்ன” என்பார், இன்னொருவர் “evlo” என்பார், வேறொருவர் “keeyada” என்பார். கண்ணால்தான் வாசிக்க வேண்டும்.

முறைப்பாடே இல்லாத பக்கத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். பக்கத்தை நடத்துபவர் ஒரு கொமென்ட்டை மறைத்தால், எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும்தான் அது தெரியும். அதனால் அதே கடையின் கூகுள் மேப்ஸ் விமர்சனங்களையும் குறைந்த நட்சத்திரத்தில் இருந்து வாசியுங்கள். அங்கே கடைக்காரர் தானாக அழிக்க முடியாது, புகார் மட்டும்தான் கொடுக்கலாம்.

ஒரு கொப்பியில் கேள்வியை அவர்கள் எழுதிய சொல்லிலேயே எழுதி, பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: பதில் இல்லை, “இன்பொக்ஸ் பண்ணுங்க”, எல்லாருக்கும் தெரியும்படி பதில். நடுவில் உள்ளது முக்கியம். கேட்டவருக்கு இன்பொக்ஸில் பதில் போயிருக்கலாம். ஆனால் அதே கேள்வியோடு வந்து வாசித்துவிட்டுப் போன மற்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கொமென்ட்டை எண்ணாமல் ஆளை எண்ணுங்கள், ஒரே அக்கா நாலு இடத்தில் கேட்டிருப்பார்.

விளங்குவதற்காக ஒரு கணக்கு. மூன்று கடையிலும் சேர்த்து 40 பேர் விலை கேட்டிருக்கிறார்கள், 31 பேர் “சட்டை தைச்சுத் தருவீங்களா, எத்தனை நாள்?” என்று கேட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். விலை பெரிய எண்ணிக்கைதான். ஆனால் போட்டிக் கடை பார்த்துவிடும் என்றுதான் பலர் விலையை வெளியே போடுவதில்லை. அந்தத் துணிச்சல் உங்களுக்கு உண்டா என்பது வியாபார முடிவு. சட்டைக் கேள்வியில் 22 பேருக்கு இன்பொக்ஸ், 6 பேருக்கு ஒன்றுமில்லை, 3 பேருக்குத்தான் வெளிப்படையான பதில் என்றால், இடைவெளி அங்கேதான். அளவுச் சட்டை கொண்டுவர வேண்டுமா, கூலி எவ்வளவு, எத்தனை நாள், தீபாவளிக்கு எந்தத் தேதி வரை ஓர்டர் எடுப்பீர்கள் என்று ஒரு நிமிட வீடியோவில் சொல்லலாம். அதற்கு முன் தையல்காரரிடம் கேளுங்கள். அவருக்குப் பத்து நாள் வேண்டுமென்றால் பத்து என்றே சொல்லுங்கள். ஏழு என்று சொன்னால் மற்றக் கடைகளுக்கு வரும் முறைப்பாடு உங்கள் பக்கத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

சில முறைப்பாடுகள் எப்படிப் படம் எடுப்பது என்பதையே சொல்லித்தரும். “படத்தில மயில் பச்சை, வந்தது வேற நிறம்” என்று பலர் எழுதியிருந்தால், கடை வெளிச்சத்தில் ஃபில்டர் போட்டு எடுத்த படமாக இருக்கலாம். நீங்கள் பகலில் வாசலுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, முந்தானையையும் உடலையும் ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சாறியின் நிறமும் பிசகியிருக்கிறது.

எந்த வகைப் போஸ்ட் எடுபடுகிறது என்று பார்க்கும்போது, ஒரு கடையின் லைக்கை இன்னொரு கடையின் லைக்கோடு ஒப்பிடாதீர்கள். அதே பக்கத்தின் வழமையான போஸ்ட்டோடு ஒப்பிடுங்கள். திடீரென்று ஒன்று எகிறியிருந்தால் காசு கட்டி ஓட்டியதாக இருக்கலாம். facebook.com/ads/library இல் கடையின் பெயரைப் போட்டால் இப்போது ஓடும் விளம்பரங்கள் தெரியும். முடிந்த வியாபார விளம்பரங்கள் இலங்கையில் அங்கே தெரியாது, ஆகவே வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள்.

ஒருவரும் போடாத தலைப்பெல்லாம் இடைவெளி இல்லை. பட்டுச் சாறி துவைப்பது பற்றி யாரும் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை என்றால் அதைத் தொடவேண்டாம். மற்றக் கடையின் கொமென்ட்டுக்குள் போய் “எங்களிட்ட வாங்க” என்றும் எழுதாதீர்கள். உங்களை அந்தப் பக்கத்தில் தடை செய்துவிடலாம்.