டெலிகிராம் வேலை: போன பணத்தை விட வந்த பணம்தான் சிக்கல்

கேள்வி: தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் வேலை என்று மெசேஜ் வந்தது, டெலிகிராமுக்கு வரச் சொன்னார்கள். ஓட்டல்களுக்கு ஸ்டார் போட்டதற்கு 900 ரூபாய் தந்தார்கள். அப்புறம் 'டாஸ்க்' என்று 62,000 வாங்கிவிட்டார்கள். நடுவில் என் கணக்கில் 18,000 விழுந்தது. 500 எடுத்துக்கொண்டு மீதியை வேறொரு யூபிஐக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். இப்போது அக்கவுண்ட் முடங்கிவிட்டது. பேங்க் மேனேஜர் என்னைத் திருடி போலப் பேசுகிறார், அவர் மேல் கேஸ் போடலாமா சார்? (வாசகி, அம்மாபேட்டை, சேலம்)

மேனேஜரை விடுங்கள், அவர் வந்த உத்தரவைச் செய்திருக்கிறார். வழக்கு என்று வந்தால் நிற்கப்போவது அந்த 18,000தான். அது கம்பெனிப் பணம் இல்லை, உங்களைப் போல வேறு ஊரில் யாரோ 'டாஸ்க்'குக்குக் கட்டிய பணம். அவர் புகார் கொடுத்ததும் பணம் போன வழியில் உங்கள் கணக்கு நிற்கிறது, அதுவும் 500 ரூபாய் கமிஷனோடு. ஏமாந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும், காகிதம் அப்படிச் சொல்லாது.

ஸ்டேட்மெண்டை எடுத்துப் பாருங்கள், அந்த 900 கூட ஏதோ தனி ஆள் பெயரில்தான் வந்திருக்கும். கம்பெனி சம்பளம் முன்பின் தெரியாத ஆட்கள் பெயரில் வந்தால் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். டெலிகிராமுக்கு இழுத்ததும் சும்மா இல்லை. அங்கே நம்பரை மறைக்கலாம், மொத்த உரையாடலையும் உங்கள் போனிலிருந்தும் சேர்த்தே அழித்துவிடலாம். அதனால் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், குறிப்பாக 18,000ஐ அனுப்பச் சொன்ன மெசேஜை. நீங்கள் ஏமாந்து அனுப்பினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பயத்தில் நீங்களே அழித்துவிடாதீர்கள். பிறகு சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து உங்கள் 62,000க்குப் புகார் கொடுங்கள், அதிலேயே இந்த 18,000ஐயும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

என்னிடம் வருகிறவர்கள் அடுத்து விழுகிற குழி வேறு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற ஒருவருக்கு இதே மாதிரி கணக்கு முடங்கியது. போலீஸ் என்று சொல்லி ஒருவன் போனில் பேச, அவன் சொன்ன யூபிஐக்குப் பணம் போட்டார், கணக்கு திறந்துவிடும் என்று. பேசியதும் அந்தக் கும்பல்தான். பணம் போனது, புகார் அப்படியே இருந்தது, கணக்கும் திறக்கவில்லை. நிஜப் புகார்தாரரே பேசினாலும் நேராக அனுப்பாதீர்கள், நாளைக்கு அவர் வாங்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

எந்த ஸ்டேஷன், என்ன புகார் எண் என்று பேங்கில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பிறகு அந்த விசாரணை அதிகாரிக்கு வக்கீல் மூலம் எழுதுங்கள். 18,000ஐ மட்டும் பிடித்து வைத்துவிட்டு மீதியைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம், உயர்நீதிமன்றங்கள் அப்படி உத்தரவு போட்டிருக்கின்றன. ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் கையை விட்டுத்தான் போகும் என்றாலும் அந்தத் தொகையை அதிகாரி வழியாகவோ கோர்ட்டிலோ கட்டிவிட்டு, புகார்தாரரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி முடித்துக்கொள்ளுங்கள். வெளிமாநில ஸ்டேஷன் என்றால் இரண்டு தடவை போய்வரும் செலவும் வக்கீல் பீஸும் 18,000ஐத் தாண்டிவிடும். 62,000 திரும்பி வரும் என்று கணக்குப் போட்டு வைக்காதீர்கள்.

அந்த ஆட்கள் மறுபடி வருவார்கள், உங்கள் பணத்தைத் திருப்பிப் போட வீட்டுக்காரர் அக்கவுண்ட் நம்பர் கொடுங்கள் என்பார்கள். கொடுத்தால் அடுத்து முடங்கப்போவது அவர் கணக்கு.